தட்டின் படம் இல்லாமல் கலோரிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அது அழிந்துவிட்டது. என்னென்ன சாப்பிட்டேன், எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் போதுமா?

போதும். பெரும்பாலான வீட்டுச் சாப்பாட்டுக்கு, ஒழுங்காக எழுதிய ஒரு பட்டியல் படத்தைவிட நல்ல கணக்கைத் தரும். தட்டில் எத்தனை வகை இருந்தது, குவியல் ஏறக்குறைய எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் படம் காட்டும். வறுவலுக்கு எத்தனை கரண்டி எண்ணெய் ஊற்றினார்கள், சாம்பாரில் பருப்பு எவ்வளவு, கூட்டில் தேங்காய் அரைத்துவிட்டார்களா என்பதெல்லாம் படத்தில் தெரியாது. கலோரியில் பெரிய வித்தியாசம் வருவது அந்த இடங்களில்தான், அவை சமைத்தவருக்குத் தெரியும்.

படம் போனதால் உண்மையில் இழப்பது அளவு பற்றிய துப்பு ஒன்றைத்தான். 'சாதம் கொஞ்சம், சாம்பார், பொரியல்' என்று எழுதினால் அந்த இழப்பு ஈடாகாது. 'கொஞ்சம்' என்பது ஒருவருக்கு 100 கிராம், இன்னொருவருக்கு 300 கிராம்.

அப்படியானால் எதையெல்லாம் எழுத வேண்டும்?

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் மூன்று செய்திகள் தேவை: அதில் என்ன இருக்கிறது, நீங்கள் எவ்வளவு எடுத்துக்கொண்டீர்கள், அந்த அளவு சமைப்பதற்கு முன்பா பின்பா. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், கணக்கை அதிகம் கெடுப்பது அதுதான்.

எண்ணெய், நெய், தேங்காய், சர்க்கரை ஆகிய நான்கையும் தனி வரியில் எழுதுங்கள். இவை ஒரு பதார்த்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும் பொருட்கள். 'பீன்ஸ் பொரியல் ஒரு கரண்டி' என்ற வரியில் பீன்ஸ் தரும் கலோரி அற்பம். தாளித்த எண்ணெயும் மேலே தூவிய தேங்காய்த் துருவலும்தான் அந்தக் கரண்டியின் கலோரியைத் தீர்மானிக்கின்றன.

எழுதாத ஒன்றைக் கணக்குப் போடுபவர் தாமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் நெய் இல்லையென்றால் 'சாம்பார் சாதத்துக்கு நெய் விட்டுக்கொண்டீர்களா?' என்று கேட்க வேண்டும். விட்டிருப்பார்கள் என்று ஊகித்தாலும் தவறு, இல்லை என்று எடுத்துக்கொண்டாலும் தவறு.

சாதம் 250 கிராம் என்று போட்டேன். ஒரு இடத்தில் 325 வருகிறது, இன்னொரு இடத்தில் ஏறக்குறைய 900 வருகிறது. எது சரி?

இரண்டாவது எண் அரிசிக்கானது, சாதத்துக்கானது அல்ல. 100 கிராம் பச்சையான அரிசியில் ஏறத்தாழ 355 கிலோகலோரி இருக்கிறது. வேகும்போது அரிசி தண்ணீரை உறிஞ்சி இரண்டரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு எடையாகிறது. தண்ணீரில் கலோரி கிடையாது. எனவே அதே 355 இப்போது 250 முதல் 300 கிராம் சாதத்தில் பரவிவிடுகிறது. 100 கிராம் சாதத்துக்கு 120 முதல் 140 வரை வருவது இதனால்தான்.

பருப்புக்கும் இதே கதை. வேகாத துவரம்பருப்பு 100 கிராமில் சுமார் 330. வெந்து மசித்தபின் அதே எடையில் ஏறக்குறைய அதன் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் எதிர்த்திசையில் போகும். வறுக்கும்போது தண்ணீர் ஆவியாகி எடை குறைகிறது, எண்ணெய் உள்ளே ஏறுகிறது. ஆகவே 100 கிராம் வறுவலில், 100 கிராம் பச்சைக் கிழங்கைவிட இரண்டு மூன்று மடங்கு கலோரி இருக்கும்.

உங்கள் வீட்டுச் சாதத்துக்கான எண்ணை ஒரே ஒரு முறை கண்டுபிடித்துக்கொண்டால் போதும். 300 கிராம் அரிசி போட்டு, வெந்த சாதம் 840 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 300 கிராம் அரிசியின் 1065 கிலோகலோரியை 840-ஆல் வகுத்தால், ஒரு கிராம் சாதத்துக்கு ஏறக்குறைய 1.27. அதே அரிசி, அதே பாத்திரம், அதே தண்ணீர் என்றால் இந்த எண் மாறாது. கஞ்சி வடிக்கும் வீட்டில் கொஞ்சம் மாவுச்சத்து கஞ்சியோடு போய்விடும். அந்தக் கஞ்சியையும் குடிப்பவர்கள் எதையும் கழிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் தராசு கிடையாது. கரண்டிக் கணக்குதான் தெரியும்.

கரண்டி நல்ல அளவுகோல்தான், உங்கள் கரண்டி எவ்வளவு கொள்ளும் என்று தெரிந்தால். கடைகளில் விற்கும் குழிக்கரண்டிகள் 40 மில்லிலிட்டர் பிடிப்பதும் உண்டு, 100 பிடிப்பதும் உண்டு. மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியாலோ, குழந்தையின் பால் பாட்டிலாலோ தண்ணீர் ஊற்றிப் பார்த்து ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். சாம்பார், ரசம், மோர் போன்றவற்றுக்கு ஒரு மில்லிலிட்டரை ஒரு கிராம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சாதத்துக்கு இந்த வழி சரிவராது. குவித்து எடுப்பதா, தட்டையாக எடுப்பதா, குழைந்த சாதமா, உதிரியா என்பதைப் பொறுத்து எடை மாறிவிடும். தராசு இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி, தட்டை விட்டுவிட்டுப் பானையிலிருந்து தொடங்குவது. இன்று எத்தனை டம்ளர் அரிசி போட்டீர்கள், அதில் உங்களுக்கு எத்தனை பங்கு? அரிசி அளவு யாருக்கும் மறப்பதில்லை, தினமும் அதே டம்ளர்தான். ஆழாக்கு வைத்திருக்கும் வீடுகளும் இன்னும் உண்டு. ஓர் ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லிலிட்டர், அதில் தலைதட்டி எடுத்த அரிசி 140 கிராம் சுமாருக்கு இருக்கும். இரண்டு ஆழாக்கு சமைத்து நால்வர் சாப்பிட்டு, உங்கள் பங்கு மூன்றில் ஒன்று என்று தோன்றினால், நீங்கள் சாப்பிட்டது 93 கிராம் அரிசி, அதாவது சுமார் 330 கிலோகலோரி. சாதத்தை எடைபோடவே தேவையில்லை.

ஒரு முழுச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நான் எழுதியது: சாதம் 2 கரண்டி, முருங்கைக்காய் சாம்பார் ஒன்றரைக் கரண்டி, உருளைக்கிழங்கு வறுவல் 1 கரண்டி, நெய் 1 ஸ்பூன், அப்பளம் 2, தயிர் ஒரு சின்னக் கிண்ணம்.

இப்படியே வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது. சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இந்தப் பட்டியலுக்கு வந்த பதில்கள்: சாதக் கரண்டியில் 125 கிராம் பிடிக்கும். சாம்பார்க் கரண்டி 80 மில்லிலிட்டர். வறுவல் ஒரு கரண்டி 70 கிராம். ஸ்பூன் என்பது 5 மில்லிலிட்டர் தேக்கரண்டி. கிண்ணத்தில் தயிர் 100 கிராம்.

சாதம் 250 கிராம். மேலே சொன்ன 1.27-ஆல் பெருக்கினால் 317.

சாம்பாருக்குப் பானைக் கணக்கு போட வேண்டும். துவரம்பருப்பு 100 கிராம் போட்டிருக்கிறார்கள், அது 330. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்த்து 300 கிராம், சுமார் 100. புளி 50, சாம்பார்ப் பொடி 45, தாளிக்க இரண்டு தேக்கரண்டி எண்ணெய் 80. மொத்தம் 605. இறக்கியபோது பானையில் இருந்தது 1200 கிராம் சாம்பார். 100 கிராமுக்கு 50 வருகிறது. ஒன்றரைக் கரண்டி என்றால் 120 கிராம், ஆகவே 60. சாம்பாரைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் வியப்பார்கள். தண்ணீர்தான் அதில் பெரும்பங்கு.

வறுவலில்தான் கவனம் வேண்டும். 400 கிராம் கிழங்குக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். கிழங்கு சுமார் 290. எண்ணெய் 45 மில்லிலிட்டர், எடையில் 41 கிராம், கிராமுக்கு 9 வீதம் 370. கிழங்கைவிட எண்ணெய் அதிகம் தருகிறது. மொத்தம் 660. வறுத்து முடித்தபோது எடை 330 கிராமாகச் சுருங்கிவிட்டது. 100 கிராமுக்கு 200, உங்கள் 70 கிராமுக்கு 140. இதையே 'உருளைக்கிழங்கு 70 கிராம்' என்று மட்டும் எழுதியிருந்தால் 50 என்று வந்திருக்கும்.

நெய் ஒரு தேக்கரண்டி 40. பொரித்த அப்பளம் சிறியது ஒன்றுக்கு 45 வீதம் 90, அதில் பாதிக்கு மேல் குடித்த எண்ணெய். தயிர் 60.

கூட்டினால் 707. இதை 707 என்று எழுதி வைக்காதீர்கள். '700 அளவில், 630-க்கும் 790-க்கும் இடையில்' என்று எழுதுங்கள்.

அந்த 630, 790 எங்கிருந்து வந்தது?

எல்லாப் பொருளுக்கும் ஏற்ற இறக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் முடியாது. பெரிய இரண்டு மூன்று வரிகளை மட்டும் எடுங்கள். இங்கே அவை சாதமும் எண்ணெய் சேர்ந்த பதார்த்தங்களும்.

சாதக் கரண்டி ஒவ்வொன்றும் 15 கிராம் கூடவோ குறையவோ இருந்திருக்கலாம். இரண்டு கரண்டிக்கு 30 கிராம், ஏறக்குறைய 40 கிலோகலோரி. வறுவலுக்கு மூன்று மேசைக்கரண்டிக்குப் பதில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் விழுந்திருந்தால் உங்கள் பங்கில் 25 கூடும். அப்பளம் குடித்த எண்ணெயில் 15 முன்பின் ஆகலாம். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் 80 வருகிறது. சாம்பாரில் தக்காளி ஒன்று கூடக் குறைய இருந்ததைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், உங்கள் பங்குக்கு அது ஒன்றிரண்டு கிலோகலோரிகூட வராது.

கணக்கில் எங்கே உழைப்பது என்பதையும் இது சொல்கிறது. அந்தத் தட்டில் சேர்த்த எண்ணெயும் நெய்யும் மட்டும் சுமார் 180 கிலோகலோரி, மொத்தத்தில் கால் பங்கு. எடையில் பார்த்தால் 20 கிராம்தான். காய்கறியைக் கிராம் கணக்கில் நிறுத்துவிட்டு எண்ணெயைக் கண்ணளவில் விடுபவர்கள் உழைப்பைத் தலைகீழாகச் செலவிடுகிறார்கள்.

எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று அம்மாவுக்கே தெரியாது. தூக்கிலிருந்து அப்படியே ஊற்றுவார்.

அவரைக் கேட்காதீர்கள், தூக்கைக் கேளுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்த தேதியையும் தீர்ந்த தேதியையும் நாள்காட்டியில் குறியுங்கள். நால்வர் வீட்டில் ஒரு லிட்டர் பத்து நாள் வந்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய 23 கிராம், 205 கிலோகலோரி. எந்த வேளையில் எவ்வளவு என்று இது பிரித்துக் காட்டாது. ஆனால் ஒரு நாளில் நீங்கள் எழுதிய எல்லா எண்ணெய் வரிகளையும் கூட்டினால் இந்த எண்ணை ஒட்டி வர வேண்டும். பட்டியலில் நாளுக்கு 10 கிராம் என்று வந்து, பாக்கெட் 23 என்று சொன்னால், பாக்கெட்டை நம்புங்கள். விளக்குக்கு ஊற்றியதையும் பொரித்துவிட்டுக் கொட்டியதையும் மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

வடை, பூரி போன்றவை? வாணலியில் அரை லிட்டர் எண்ணெய் இருந்ததே, அத்தனையும் கணக்கா?

இல்லை, உள்ளே போனது மட்டும். பொரிப்பதற்கு முன் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், ஆறியபின் மீதியை அளந்துகொள்ளுங்கள். உதாரணமாக 500 மில்லிலிட்டர் ஊற்றி 430 மிஞ்சினால் 70 குறைந்திருக்கிறது. எடையில் 64 கிராம், 580 கிலோகலோரி. 14 வடை சுட்டிருந்தால் வடை ஒன்றுக்கு 41, இது எண்ணெய் மட்டும். அதன்மேல் ஒரு வடைக்கான உளுந்தைச் சேர்க்க வேண்டும். தாளில் வைத்து எடுத்திருந்தால் தாள் உறிஞ்சியதும் இந்த 70-க்குள் அடங்கும், அதனால் உண்மையான எண் சற்றுக் குறைவாக இருக்கும்.

எண்ணெய் போதுமான சூடேறாமல் போட்டால் அதிகம் குடிக்கும், மாவு நீர்த்திருந்தாலும் குடிக்கும். ஒரே வீட்டில், ஒரே செய்முறையில் இரண்டு நாட்களுக்கு இரண்டு எண் வருவதற்கு இதுவே காரணம்.

ஹோட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். படமும் இல்லை, செய்முறையும் தெரியாது.

மாவிலிருந்து தொடங்குங்கள். தோசை மாவு 100 கிராமில் ஏறக்குறைய 150 கிலோகலோரி. ஒரு பெரிய ரோஸ்டுக்கு 120 கிராம் மாவு என்றால் 180. நெய் இரண்டு தேக்கரண்டியா மூன்றா என்பது நமக்குத் தெரியாது, ஆகவே 80 முதல் 120. மொத்தம் 260 முதல் 300. தொட்டுக்கொண்ட தேங்காய்ச் சட்னியைத் தனியாகச் சேருங்கள், 100 கிராம் தேங்காயில் 350-க்கு மேல் இருக்கிறது. இரண்டாவது முறை வாங்கிய சட்னியைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள்.

பிரியாணி, பரோட்டா சால்னா போன்றவற்றில் இடைவெளி இன்னும் அகலமாகும். ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஒற்றை எண்ணை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பழைய சோற்றில் கலோரி குறைவு என்கிறார்களே. காலையில் ஒரு கிண்ணம் 400 கிராம் இருந்தது.

அந்த 400 கிராமில் பாதி தண்ணீராகவும் மோராகவும் இருக்கலாம். 400-ஐச் சாத எண்ணால் பெருக்கினால் 500-ஐத் தாண்டும், அது பொய்க்கணக்கு. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் எவ்வளவு சாதம் இருந்தது என்பதை வைத்தே கணக்கிடுங்கள். ஆறிய சாதத்தில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. நாம் போடும் இந்தத் தோராயக் கணக்கில் தனியாகக் கழிக்கும் அளவுக்கு அது பெரியதல்ல.

அட்டவணையில் அரிசிக்கு 1491 என்று போட்டிருக்கிறது. நீங்கள் 355 என்கிறீர்கள்.

நீங்கள் பார்த்தது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு உள்ளடக்க அட்டவணையாக இருக்கும். அதில் ஆற்றல் கிலோஜூலில் தரப்பட்டிருக்கிறது. 4.184-ஆல் வகுத்தால் கிலோகலோரி கிடைக்கும்: 1491-ஐ வகுத்தால் 356. ஒரு பட்டியலில் ஒரே ஒரு பொருள் மட்டும் மற்றவற்றைவிட நான்கு மடங்கு பெரிதாகத் தெரிந்தால், முதலில் அலகைப் பாருங்கள்.

அட்டவணைகளுக்குள் சிறு வேறுபாடுகள் வருவது இயல்பு. துவரம்பருப்பு ஒன்றில் 331, இன்னொன்றில் 343 என்று இருக்கும். பெரும்பாலும் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற அட்வாட்டர் முறையில்தான் இவை கணிக்கப்படுகின்றன. நார்ச்சத்தை எப்படிச் சேர்க்கிறார்கள், எந்த ரகத்தைச் சோதித்தார்கள் என்பதில் மாறுபடும். கரண்டி அளவில் நாம் விடும் பிழைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. ஒரே அட்டவணையைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள், போதும்.

எனக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலின் போடுகிறேன். இந்தக் கணக்கை வைத்து அளவை முடிவு செய்யலாமா?

கூடாது. அதற்கு வேண்டியது மாவுச்சத்தின் கிராம் கணக்கு, கலோரி அல்ல. மேலே உள்ள தட்டில் வறுவலும் அப்பளமும் நெய்யும் கலோரியில் பெரியவை, மாவுச்சத்து பெரும்பாலும் சாதத்தில் இருக்கிறது. மொத்தக் கலோரியைப் பார்த்து அளவு போட்டால் தாழ்சர்க்கரை வர வாய்ப்புண்டு. மாவுச்சத்தை எண்ணும் முறையை உங்கள் மருத்துவரிடமோ அவர் அனுப்பும் உணவியல் நிபுணரிடமோ கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் கழித்து நினைவிலிருந்து எழுதினால் பரவாயில்லையா?

சாதம், குழம்பு, பொரியல் நினைவில் இருக்கும். அவற்றின் அளவு தேய்ந்துபோயிருக்கும். வேளைகளுக்கு நடுவில் வாயில் போட்டது சுத்தமாக நினைவிலிருந்து போய்விடும்: காபிச் சர்க்கரை, குழந்தை மிச்சம் வைத்த தோசை, பண்டிகை டப்பாவிலிருந்து எடுத்த முறுக்கு. அதனால் மூன்று நாள் பழைய பட்டியல் ஏறக்குறைய எப்போதும் குறைவாகவே காட்டும்.

எழுத நேர்ந்தால் எழுந்த நேரம் முதல் தூங்கப்போன நேரம் வரை வரிசையாகப் போங்கள். ஒவ்வொரு வேளைக்கும் யார் சமைத்தார், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று யோசித்தால் விட்டுப்போனது சில நினைவுக்கு வரும். அப்போதும் சமைத்தவரிடம் எண்ணெயும் தேங்காயும் கேட்டுவிட்டு எழுதுங்கள். இனி படம் எடுக்கும்போதே அதற்குக் கீழே 'சாதம் 2 கரண்டி, வறுவலில் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, நெய் 1' என்று ஒரு வரி தட்டச்சு செய்து வையுங்கள். படம் நீங்கினாலும் கணக்குக்கு வேண்டியது அந்த வரியில் இருக்கும்.